‘8,000 ரூபாய் வரை’: இன்டர்ன்ஷிப் அறிவிப்பை வரி வரியாகப் படிப்பது எப்படி?

செமஸ்டர் தேர்வு நெருங்கும்போதே கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் இன்டர்ன்ஷிப் அறிவிப்புகள் வரிசைகட்டத் தொடங்கிவிடும. துறைத் தலைவர் ஒன்றை அனுப்புவார். சீனியர் ஒருவர் லிங்க்ட்இன்னில் பார்த்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத போஸ்டர் ஒன்று குழுவுக்குக் குழு தாவிக்கொண்டிருக்கும். எல்லாவற்றிலும் பெரும்பாலும் அதே நான்கு விஷயங்கள்தான்: எத்தனை நாள், எவ்வளவு பணம், என்ன தெரிந்திருக்க வேண்டும், எப்படி விண்ணப்பிப்பது. அவற்றை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ரெஸ்யூமை அனுப்பிய பிறகுதான் பலருக்குச் சந்தேகங்கள் வருகின்றன.

அப்படியொரு அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். இது எந்த நிறுவனமும் வெளியிட்டதல்ல. வழக்கமாகக் கண்ணில் படுகிற அறிவிப்புகளின் சாயலில் அமைத்த மாதிரி.

*கல்லூரி மாணவர்களுக்கு அரிய வாய்ப்பு! டேட்டா அனலிஸ்ட் இன்டர்ன்.*
*இடம்: கோயம்புத்தூர், அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும்.*
*காலம்: 3 மாதம்.*
*ஸ்டைபண்ட்: மாதம் 8,000 ரூபாய் வரை.*
*திறன்கள்: எக்செல், எஸ்.க்யூ.எல்., பைத்தான், பவர் பி.ஐ., நல்ல ஆங்கிலம்.*
*விண்ணப்பிக்க: ரெஸ்யூமை மின்னஞ்சலில் அனுப்பவும். கடைசி நாள் ஏப்ரல் 20.*

இதைப் பார்ப்பவர் ஈரோட்டில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாமாண்டை முடிக்கப்போகும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அவர் விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா?

மூன்று மாதம் எங்கே இருக்கிறது?

முதல் சிக்கல் காலத்தில்தான். மாணவிக்குத் தேர்வு ஏப்ரல் கடைசியில் முடிகிறது. கல்லூரி ஜூன் நடுவில் திறக்கிறது. இடையில் கிடைப்பது ஏறக்குறைய ஏழு வாரம். மே முதல் வாரத்தில் சேர்ந்தால்கூட மூன்று மாதம் முடிய ஜூலை கடைசி ஆகிவிடும். கல்லூரி திறந்த பிறகும் ஐந்து, ஆறு வாரம் அவர் கோவையில் இருந்தாக வேண்டும்.

அந்த ஐந்து வாரத்துக்கு வருகைப்பதிவு யார் கொடுப்பது? மாணவர்கள் சட்டென்று சொல்லும் பதில், “ஓ.டி. வாங்கிக்கலாம்” என்பது. ஆனால் எத்தனை நாள் ஓ.டி. தருவது என்பதற்கு ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் எல்லை உண்டு. தேர்வெழுத 75 சதவீத வருகை கேட்கும் கல்லூரியில், ஐந்து வாரத்தை இழந்துவிட்டு மீதி நாட்களில் ஈடுகட்டுவது கடினம். ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன் துறைத் தலைவரைப் பார்த்து, தடையின்மைச் சான்று கிடைக்குமா, எத்தனை நாளுக்குக் கிடைக்கும் என்று கேட்டுவிட வேண்டும். சேர்ந்த பிறகு இந்தச் சான்றுக்காக அலைந்தால் நிறுவனத்திலும் கெட்ட பெயர், கல்லூரியிலும் கெட்ட பெயர்.

நிறுவனங்களிலும் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ‘மூன்று மாதம்’ என்று போட்டிருந்தாலும், கோடை விடுமுறைக்கு மட்டும் வருவதாக முதல் மின்னஞ்சலிலேயே தேதி குறிப்பிட்டுக் கேட்டால் சிலர் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாத இடத்தில், கடைசி செமஸ்டரில் புராஜெக்டுக்கென்று நேரம் ஒதுக்கப்படும்போது விண்ணப்பிப்பதே சரி. மூன்று மாதம், ஆறு மாதம் என்று கேட்கும் நிறுவனங்கள் இறுதியாண்டு மாணவர்களை விரும்புவதற்குக் காரணமும் அதுதான்.

இதே வரியில் இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? காலை 10 முதல் மாலை 4 வரை என்றால் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். 12 வாரத்துக்கு, வாரம் ஐந்து நாளாகக் கணக்கிட்டால் 360 மணி நேரம். அலுவலக ஊழியரைப் போல ஒன்பது மணி நேரம், ஆறு நாள் என்றால் அது 648 ஆகிவிடும். இரண்டுமே அறிவிப்பில் ‘3 மாதம்’தான்.

கல்லூரிக்கு மாதக்கணக்கைவிட மணிக்கணக்குதான் முக்கியம். யு.ஜி.சி. 2024இல் வெளியிட்ட இன்டர்ன்ஷிப் வழிகாட்டு நெறிகள் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று கணக்கிடுகின்றன. பொறியியல் மாணவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. கொள்கை, நான்காண்டுப் படிப்பு முழுவதிலும் சேர்த்து 600 முதல் 700 மணி நேரத்தைப் பரிந்துரைக்கிறது. கிரெடிட்டுக்காகப் போகிறவர், தன் பாடத்திட்டம் எத்தனை மணி நேரம் கேட்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, நிறுவனம் தரும் சான்றிதழில் தேதிகளோடு மணி நேரமும் இருக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

‘வரை’ என்ற ஒரு சொல்

‘மாதம் 8,000 ரூபாய் வரை’ என்றால் 8,000 கிடைக்கும் என்று பொருளல்ல. 5,000 கொடுத்தாலும் அந்த வரி பொய்யாகாது. ‘செயல்திறனைப் பொறுத்து’ என்று போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்தச் செயல்திறனை யார், எப்போது, எதை வைத்து அளப்பார்கள் என்று அறிவிப்பு சொல்வதே இல்லை.

தெளிவாகச் சொல்வது எப்படி என்பதற்கு ரிசர்வ் வங்கியின் கோடைக்கால இன்டர்ன்ஷிப் அறிவிப்பைப் பார்க்கலாம். முதுநிலைப் படிப்பு, ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு, மூன்றாண்டு சட்டப்படிப்பு மாணவர்களுக்கான திட்டம் அது. படிப்பு முடிய ஓராண்டு இருக்கும்போது சேரலாம். அதிகபட்சம் மூன்று மாதம். மாதம் 20,000 ரூபாய் என்று அந்தத் திட்டம் வகுத்திருக்கிறது. அதில் ‘வரை’க்கு இடமில்லை. எதிர்ப்பக்கம் பார்த்தால், நிதி ஆயோக் தன் இன்டர்ன்ஷிப்புக்கு ஊதியம் எதுவும் இல்லை என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. பணம் தராததும்கூட வெளிப்படையாகச் சொல்லப்பட்டால் மாணவர் முடிவெடுத்துக்கொள்ள முடியும்.

தனியார் நிறுவனம் இன்டர்னுக்கு இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று நிர்ணயிக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அப்ரன்டிஸ் விஷயம் வேறு. அதற்கு 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டம் இருக்கிறது, ஒப்பந்தம் பதிவாகும், குறைந்தபட்சத் தொகையும் விதியில் இருக்கும். 2019இல் விதிகளைத் திருத்தியபோது பட்டதாரி அப்ரன்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும் தனி வகைதான். பன்னிரண்டு மாதம், மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய் என்று அது அறிவிக்கப்பட்டது. ஆனால் முழுநேரமாகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது இல்லை என்ற நிபந்தனையைக் கவனிக்காமல் விண்ணப்பித்தால் ஏமாற்றமே மிஞ்சும். நம் மாதிரி அறிவிப்பு இந்த இரண்டிலும் சேராது. அதில் மாணவிக்குக் கிடைக்கப்போவது நிறுவனம் எழுதித் தரும் தொகை மட்டுமே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோவையில் சாப்பாட்டோடு மகளிர் விடுதிக்கு மாதம் 6,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் அலுவலகம் போய்வரச் செலவு இராது. வார இறுதியில் ஈரோடு போய்வர மாதம் 600 ரூபாய். ஆக மொத்தம் 7,100. கையில் 8,000 வந்தால் மாதம் 900 ரூபாய் மிச்சம். 5,000தான் வந்தால் மாதம் 2,100 ரூபாய் வீட்டிலிருந்து வர வேண்டும். மூன்று மாதத்துக்கு 6,300 ரூபாய்.

இதைவிட முக்கியமான இடி முதல் மாதத்தில் காத்திருக்கிறது. விடுதியில் முதல் மாதக் கட்டணத்தோடு ஒரு மாத முன்பணமும் கேட்டால் சேரும் அன்றே 13,000 ரூபாய் கட்ட வேண்டும். ஸ்டைபண்டோ மாதம் முடிந்து, அடுத்த மாதம் சம்பளத் தேதியில்தான் வரும். இந்த 13,000 ரூபாய்க்கு வழி இருக்கிறதா என்பதை வீட்டில் பேசிவிட்டு விண்ணப்பிப்பதுதான் முறை. நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: குறைந்தபட்சம் எவ்வளவு உறுதி? எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் வரும்? இந்தக் கேள்விகளைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஹெச்.ஆர். தினமும் பதில் சொல்லும் கேள்விகள்தான் இவை.

ஐந்து திறனும் தெரிந்தால்தானா?

எக்செல், எஸ்.க்யூ.எல்., பைத்தான், பவர் பி.ஐ., ஆங்கிலம். ஐந்தில் இரண்டுதான் தெரியும் என்று பலர் இந்த இடத்திலேயே ஒதுங்கிவிடுவார்கள். இந்த வரி பெரும்பாலும் நிறுவனத்தின் ஆசைப் பட்டியல். ‘கட்டாயம்’, ‘இருந்தால் நல்லது’ என்று பிரித்துப் போடும் நிறுவனங்களும் உண்டு. பிரிக்காதபோது வேலை என்ன என்பதிலிருந்து நாமே பிரித்துக்கொள்ளலாம். டேட்டா அனலிஸ்ட் இன்டர்ன் என்றால் முதல் மாதம் பெரும்பாலும் எக்செல்லிலும் எஸ்.க்யூ.எல்.லிலும்தான் ஓடும்.

எஸ்.க்யூ.எல். தெரியும் என்றால் எந்த அளவுக்கு? தேர்வுக்கு ஒப்பிக்கும் விளக்கங்களை யாரும் கேட்கப்போவதில்லை. விற்பனை விவரங்கள் உள்ள ஓர் அட்டவணையைக் கொடுத்து, ஊர்வாரியாகக் கூட்டிக் காட்டச் சொல்லலாம். அதற்கு எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```
SELECT city, SUM(amount)
FROM sales
GROUP BY city;
```

இதைத் தயங்காமல் எழுதி, ‘ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற ஊர்கள் மட்டும்’ என்று அடுத்த கேள்வி வந்தால் `HAVING` சேர்க்கத் தெரிந்தால், தொடக்க நிலைக்கு அது நல்ல பதில். அந்த இடத்தில் `WHERE` போட்டுக் குழம்புவது வகுப்பறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

எக்செல்லில் இன்னும் நுணுக்கமான பொறிகள் உண்டு. சில நூறு வரிகள் உள்ள விற்பனைப் பட்டியல் ஒன்றை அனுப்பி, எந்த மாதம் விற்பனை குறைந்தது என்று கேட்கிறார்கள் என்று கொள்வோம். பட்டியலில் 03/04/2025 என்று ஒரு தேதி. அது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? கணினியின் அமைப்பைப் பொறுத்து எக்செல் இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளும். அதே பட்டியலில் 25/04/2025 என்றும் ஒரு வரி இருந்தால், மாதத்தை முதலில் படிக்கும் அமைப்பில் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். தேதிகளில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நிற்பதுதான் அதற்கு அடையாளம். இதைக் கவனிக்காமல் பிவட் டேபிள் போட்டவர் தவறான மாதத்தைச் சொல்வார். கவனித்து, “தேதிகள் இரண்டு முறையில் இருக்கின்றன, சரிசெய்துவிட்டுக் கணக்கிட்டேன்” என்று ஒரு வரி எழுதியவரை எடுத்துக்கொள்ள நிறுவனத்துக்குத் தயக்கம் இருக்காது.

எனவே ரெஸ்யூமில் ஐந்து திறனையும் வரிசையாக எழுதி நட்சத்திரம் போடுவதைவிட, தெரிந்த இரண்டை வைத்து என்ன செய்தோம் என்று எழுதுவது பயன் தரும். ஊர் மளிகைக் கடையின் மூன்று மாத பில்களைத் தட்டச்சு செய்து, எந்தக் கிழமையில் எது அதிகம் விற்கிறது என்று கண்டுபிடித்திருந்தால் அதுவே புராஜெக்ட்தான். தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் நேர்காணலின் முதல் சில நிமிடங்களிலேயே அது வெளியே வந்துவிடும்.

அனுப்புவதற்கு முன், யாருக்கு அனுப்புகிறோம்?

கடைசி வரி ‘எப்படி விண்ணப்பிப்பது?’ என்பது. மோசடிக்காரர்கள் வேலை செய்வதும் இந்த வரியில்தான். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், திரும்பக் கிடைக்கும் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது இன்டர்ன்ஷிப் ஆகாது. கட்டணம் வாங்கிக் கற்றுக்கொடுப்பது பயிற்சி வகுப்பு; அதை அந்தப் பெயரில் விற்பதில் தவறில்லை, இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் விற்பதுதான் தவறு.

பணமே கேட்காத இன்னொரு வகையும் பரவியிருக்கிறது. விண்ணப்பித்தவர் அத்தனை பேருக்கும் மறுநாளே ஆஃபர் லெட்டர் வரும். அதை லிங்க்ட்இன்னில் போட்டு நிறுவனத்தை டேக் செய்யச் சொல்வார்கள். ஒரு கால்குலேட்டர், ஒரு டு-டு லிஸ்ட், ஒரு போர்ட்ஃபோலியோ பக்கம் என்று மூன்று வேலை தருவார்கள். செய்து முடித்தால் சான்றிதழ். இடையில் யாரும் அந்த வேலையைப் பார்த்துத் திருத்துவதில்லை. மாணவர் வழியாக விளம்பரம் பெறுவதுதான் இதன் நோக்கம். நேர்காணல் இல்லை, வழிகாட்டியின் பெயர் இல்லை, எல்லாரும் தேர்வு என்றால் சந்தேகப்படலாம்.

நிறுவனம் உண்மையானதா என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. பதிவுபெற்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 இலக்கங்கள் கொண்ட சி.ஐ.என். என்ற அடையாள எண் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013இன்படி லெட்டர்ஹெட்டில் அது அச்சிடப்பட்டிருக்க வேண்டும். முதல் எழுத்து L என்றால் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது, U என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து எண்கள் தொழில் வகையைக் குறிக்கும். அதன்பின் வரும் TN தமிழ்நாடு. அடுத்த நான்கு எண்கள் பதிவான ஆண்டு. PTC என்றால் பிரைவேட் லிமிடெட். கடைசி ஆறு, பதிவு எண். ‘இருபது ஆண்டு அனுபவம்’ என்று போஸ்டரில் போட்டுவிட்டு, எண்ணில் 2024 என்று இருந்தால் காரணம் கேட்கலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் அந்தப் பெயரைத் தேடினால் நிறுவனம் இயங்குகிறதா, பதிவு முகவரி எது என்பது தெரிந்துவிடும்.

தனிநபர் நிறுவனங்களுக்கு சி.ஐ.என். இருக்காது. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த எண்ணை gst.gov.in தளத்தில் தேடலாம். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 15 இலக்க எண்ணின் தொடக்கம் 33 ஆக இருக்கும். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, சாதாரண ஜிமெயில் முகவரிக்கு ரெஸ்யூம் கேட்டால், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்து அதே அறிவிப்பு அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்ணப்பிக்கும் கட்டத்தில் ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், ஓ.டி.பி. எதுவும் தரத் தேவையில்லை. வங்கி விவரம் சேர்ந்த பிறகுதான் வேண்டியிருக்கும். ஓ.டி.பி. எப்போதுமே வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்தோ, cybercrime.gov.in தளத்திலோ புகார் தரலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் விண்ணப்பம் எளிது. ரெஸ்யூம் ஒரு பக்கம், பி.டி.எஃப். வடிவம், கோப்பின் பெயரில் சொந்தப் பெயர். மின்னஞ்சலின் தலைப்பில் பதவியும் பெயரும் போதும். உள்ளே நான்கைந்து வரி: என்ன படிக்கிறார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், கேட்ட திறன்களில் எது தெரியும், அதற்குச் சான்றாக எந்த புராஜெக்ட். புராஜெக்டை கூகுள் டிரைவில் வைத்து இணைப்பு அனுப்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அனுமதியைத் திறந்துவிடாததால், எதிர்முனையில் கிளிக் செய்பவருக்கு அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். நூறு விண்ணப்பம் பார்க்கிறவர் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார். அனுப்புவதற்கு முன் வேறொருவர் போனில் அந்த இணைப்பைத் திறந்து பார்த்துவிடலாம்.

கையெழுத்துக்கு முன்

தேர்வானால் ஆஃபர் லெட்டர் வரும். வாட்ஸ்அப்பில் வந்த போஸ்டரை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்க முடியாது. இந்தக் கடிதத்தை வைத்துக் கேட்கலாம். தொடங்கும் தேதி, முடியும் தேதி, வேலை நேரம், விடுமுறை நாள், ‘வரை’ இல்லாத ஸ்டைபண்ட் தொகை, அது வரும் தேதி, வழிகாட்டியின் பெயர், சான்றிதழ் பற்றிய வாக்குறுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். இடையில் நின்றால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட் இருந்தால் வீட்டுப் பெரியவரிடமோ பேராசிரியரிடமோ காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது. மதிப்பெண் சான்றிதழின் அசலை யாரிடமும் விட்டுவைக்கவும் கூடாது.

பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பும் உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களையும் ஊழியராகவே கொள்கிறது. ஊதியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது பொருந்தும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். இன்டர்னும் அதில் புகார் தரலாம்.

ஈரோட்டு மாணவியின் கேள்விக்குப் பதில் இப்போது தெளிவு. ஏழு வாரத்துக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டு, தொகையை 8,000 என்று எழுத்தில் தந்தால் போகலாம். மூன்று மாதம் கட்டாயம், தொகை 5,000 என்றால், ஈரோட்டிலேயே இடம் தேடுவது அல்லது இறுதியாண்டு வரை பொறுப்பது மேல். எதுவானாலும் நிறுவனம் போனில் சொன்னதை மின்னஞ்சலில் ஒருமுறை எழுதிக் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.